அழைப்பின் நடுவே ஹோல்ட், டிரான்ஸ்ஃபர், நோட்ஸ்: எந்த விசை யாருக்குப் போய்ச் சேர்கிறது?

"கால் சென்டரில் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. எங்கள் கணினியில் சாஃப்ட்போன் தனியாகவும் சிஆர்எம் குரோமிலும் ஓடுகின்றன, பின்னணியில் இருப்பது FreePBX. வாடிக்கையாளர் பேசிக்கொண்டிருக்கும்போதே ஹோல்ட் போடவும் டிரான்ஸ்ஃபர் செய்யவும் நோட்ஸ் எழுதவும் மவுஸைப் பிடித்துத் தடுமாறுகிறேன். மனப்பாடம் செய்ய வேண்டிய சில விசைகளை மட்டும் சொல்வீர்களா?"

நான்கு போதும். சாஃப்ட்போனின் ஹோல்ட் விசை ஒன்று, சக ஊழியரிடம் விசாரித்துவிட்டு மாற்றுவதற்கு `*2`, விசாரிக்காமல் நேரடியாக மாற்றுவதற்கு `##`, நோட்ஸில் நேரத்தைப் பதிய ஒரு விசை. ஆனால் இவற்றை நெட்டுருச் செய்வதற்கு முன்னால், நீங்கள் அழுத்தும் விசை அந்த நொடியில் யாருக்குப் போய்ச் சேர்கிறது என்பதைப் பிடித்துக்கொள்ளுங்கள். புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பயிற்சி கொடுத்த இத்தனை வருடங்களில், விசையை மறந்ததால் நேர்ந்த தவறுகளைவிட, சரியான விசையைத் தவறான இடத்தில் அழுத்தியதால் நேர்ந்தவற்றைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

உங்கள் மேசையில் ஒரு விசை மூன்று இடங்களில் ஒன்றுக்குப் போகலாம். குரோம் முன்னால் இருந்தால் அது குரோமுக்கோ உள்ளே இருக்கும் சிஆர்எம்முக்கோ போகும், சில விசைகளைக் குரோம் சிஆர்எம்முக்குக் கொடுப்பதே இல்லை. சாஃப்ட்போன் முன்னால் இருந்தால் அந்த மென்பொருள் எடுத்துக்கொள்ளும். அதிலும் எண், ஸ்டார், ஹேஷ் ஆகியவை மட்டும் டயல்பேட் ஒலியாக மாறி சர்வருக்குப் போகும். `*2`, `##` இரண்டும் இந்த மூன்றாவது வகை. அவை கணினியின் ஷார்ட்கட் அல்ல. FreePBX-க்கு அடியில் ஓடும் ஆஸ்டரிஸ்க் சர்வர் காதுகொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கும் குறியீடுகள். ஆகவே சிஆர்எம் முன்னால் இருக்கும்போது `*2` என்று அடித்தால், வாடிக்கையாளரின் முகவரிக் கட்டத்தில் `*2` என்று விழுமே தவிர அழைப்பு அசையாது.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. சாஃப்ட்போன் முன்னால் இருப்பதைக் கவனிக்காமல், வாடிக்கையாளர் சொல்லும் பத்து இலக்கக் கைப்பேசி எண்ணை நோட்ஸில் எழுதுவதாக நினைத்து அடித்தால், பத்து பீப் ஒலிகள் அவர் காதிலேயே ஒலிக்கும். "என்னங்க சத்தம் அது?" என்று அவர் கேட்டால், எந்தச் சன்னல் முன்னால் இருக்கிறது என்று உடனே பாருங்கள். `Alt+Tab`-ஐ ஒருமுறை தட்டினால் கடைசியாக இருந்த இரண்டு சன்னல்களுக்குள் மாறும். ஷிஃப்ட் தொடங்கும்போதே இந்த இரண்டைத் தவிர மற்றவற்றை மூடிவிட்டால், `Alt+Tab` எப்போதும் நீங்கள் எதிர்பார்க்கும் சன்னலுக்கே கொண்டுபோகும்.

குரோம் தனக்கென்று வைத்திருக்கும் விசைகளையும் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் கை இயல்பாகத் தேடுவது அவற்றைத்தான். ஹோல்டுக்கு H என்று `Ctrl+H` அழுத்தினால் பழைய பக்கங்களின் பட்டியல் திறக்கும். டிரான்ஸ்ஃபருக்கு T என்று `Ctrl+T` அழுத்தினால் வெற்று டேப் வரும். நோட்ஸுக்கு N என்று `Ctrl+N` அழுத்தினால் புதுச் சன்னல் வரும். இவற்றில் `Ctrl+T`, `Ctrl+N`, `Ctrl+W` மூன்றையும் டேபில் திறந்திருக்கும் எந்த இணையப் பக்கமும் தனக்காக எடுத்துக்கொள்ள குரோம் விடுவதில்லை. எனவே இவற்றை மாற்றித் தரும்படி சிஆர்எம் குழுவிடம் கேட்டும் பயனில்லை. `Ctrl+W` டேபையே மூடிவிடும். `F5` பக்கத்தை மீண்டும் ஏற்றும், அப்போது சேமிக்காத குறிப்பு போய்விடலாம்.

நான் ஏஜென்டாக இருந்த ஒரு மையத்தில் ஃபோனும் பிரவுசருக்குள்ளேயே ஓடியது. நோட்பேடில் `F5` அழுத்தினால் தேதியும் நேரமும் விழும் என்பதால் அந்த விசை எனக்குக் கைப்பழக்கமாகி இருந்தது. மூன்றாவது முறையாக அழைத்திருந்த ஒரு முதியவர் தம் புகாரை முதலிலிருந்து சொல்லி முடிக்கும் தறுவாயில், நோட்பேடில் இருப்பதாக நினைத்து பிரவுசரில் `F5`-ஐ அழுத்திவிட்டேன். பக்கம் மீண்டும் ஏறியது, அழைப்பு அறுந்தது, அவர் மறுபடியும் வரிசையில் போய் நின்றார். உங்கள் சாஃப்ட்போன் தனி மென்பொருள் என்பதால் உங்களுக்கு அழைப்பு அறாது. ஆனாலும் `F5`-ஐ நோட்ஸ் விசையாக விரல் பழகவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

இனி ஹோல்ட். டிரான்ஸ்ஃபருக்கு இருப்பதுபோல் ஹோல்டுக்கு ஆஸ்டரிஸ்க்கில் ஸ்டார் குறியீடு கிடையாது. ஹோல்ட் என்பது சாஃப்ட்போன் தானே சர்வருக்கு அனுப்பும் செய்தி, அதைப் பெற்றதும் சர்வர் வாடிக்கையாளருக்கு இசையை ஓடவிடுகிறது. ஆகவே விசை எது என்பதை உங்கள் சாஃப்ட்போனின் அமைப்புப் பக்கத்தில்தான் பார்க்க வேண்டும். அந்தச் சன்னல் பின்னால் இருக்கும்போதும் வேலை செய்யும் பொது விசை வைக்க அதில் வழி இருந்தால், குரோம் பயன்படுத்தாத ஒரு F விசையை ஹோல்டுக்குக் கொடுங்கள். வழி இல்லையென்றால் `Alt+Tab` தட்டி, பிறகு ஹோல்ட் விசை என்ற இரண்டு தட்டல்கள் ஆகும். அதுவும் மவுஸைவிட வேகமானதே.

மியூட்டை ஹோல்டுக்குப் பதிலாகப் பயன்படுத்தாதீர்கள். மியூட்டில் வாடிக்கையாளருக்குக் கேட்பது வெறும் மௌனம். பத்து நொடி மௌனத்திலேயே லைன் அறுந்ததாக எண்ணி அவர் வைத்துவிடக்கூடும். இருமல், தும்மல், பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை என்பவற்றுக்கு மட்டுமே மியூட். அதையும் ஹெட்செட்டில் ஒருமுறை, திரையில் ஒருமுறை என்று இரண்டு இடத்தில் போடாதீர்கள். பல ஹெட்செட்டுகளில் இந்த இரண்டும் ஒன்றையொன்று அறியாது. திரையில் மியூட்டை எடுத்த பிறகும் ஹெட்செட்டில் மியூட் இருந்தால், நீங்கள் பேசிக்கொண்டே இருப்பீர்கள், அவர் "ஹலோ, ஹலோ" என்றே சொல்லிக்கொண்டிருப்பார்.

ஹோல்ட் உண்மையில் விழுந்ததா என்று அறிய, ஓய்வு நேரத்தில் உங்கள் சொந்தக் கைப்பேசிக்கு ஓர் அழைப்பு போட்டு, ஹோல்ட் விசையை அழுத்திக் கைப்பேசியைக் காதில் வைத்துக் கேளுங்கள். இசை வந்தால் சரி. அப்படியே இரண்டு மூன்று நிமிடம் விட்டும் பாருங்கள். ஹோல்டில் வைத்த அழைப்பு ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே கணக்கில், உதாரணமாக அறுபதாவது நொடியில், துண்டிக்கப்பட்டால் அது தற்செயல் அல்ல. ஹோல்டில் ஒலிப் பொட்டலங்கள் வராத அழைப்பை இத்தனை நொடியில் முடித்துவிடு என்று `rtp_timeout_hold` போன்ற ஓர் அமைப்பு சர்வரில் போடப்பட்டிருக்கலாம். கணக்கு மாறாமல் இருப்பதைக் குறிப்பிட்டு நிர்வாகியிடம் சொல்லுங்கள், அவர் உடனே புரிந்துகொள்வார்.

டிரான்ஸ்ஃபரில்தான் நிதானம் வேண்டும். FreePBX இயல்பாகக் கொடுத்திருக்கும் குறியீடுகள் `*2`, `##`. உங்கள் நிர்வாகி இவற்றை மாற்றியும் இருக்கலாம், ஆகவே அங்குள்ள Feature Codes பக்கத்தில் என்ன இருக்கிறது என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

`*2`-இன் நடைமுறை இது. வாடிக்கையாளரிடம் மாற்றப்போவதைச் சொல்லிவிட்டு, ஹோல்ட் போடாமல், சாஃப்ட்போனை முன்னால் கொண்டுவந்து `*2` அழுத்துங்கள். ஹோல்ட் போடாமல் என்பதை அழுத்திச் சொல்கிறேன், ஏனெனில் பலர் பழக்கத்தால் முதலில் ஹோல்டை அழுத்துகிறார்கள். ஹோல்டில் இருக்கும் அழைப்பில் பல சாஃப்ட்போன்கள் டயல்பேட் ஒலியை அனுப்புவதே இல்லை, அதனால் குறியீடு சர்வரை எட்டுவதில்லை. `*2` வேலை செய்ததும் வாடிக்கையாளரை இசைக்கு மாற்றும் வேலையை சர்வரே பார்த்துக்கொள்ளும். உங்கள் காதில் "Transfer" என்ற பதிவுக்குரலும் டயல் ஒலியும் வரும். அது வந்த பிறகு எக்ஸ்டென்ஷன் எண்ணை அடியுங்கள். ஆஸ்டரிஸ்க்கின் இயல்பு அமைப்பில் இலக்கங்களுக்காக அது 3 நொடி காத்திருக்கும், எண்ணைத் தேட ஆரம்பித்தால் அந்த நேரம் கடந்துவிடும். எனவே எண் முதலிலேயே கண்முன் இருக்க வேண்டும்.

சக ஊழியர் எடுத்ததும் விஷயத்தைச் சொல்லுங்கள். அவர் ஏற்றுக்கொண்டால் நீங்கள் ஃபோனை வைத்தால் போதும், இருவரும் இணைந்துவிடுவார்கள். அவர் மறுத்தால் அவரை வைக்கச் சொல்லுங்கள், வாடிக்கையாளர் உங்களிடமே திரும்புவார். அவர் எடுக்கவே இல்லையென்றால், இயல்பு அமைப்பில் 15 நொடிக்குப் பின் சர்வர் உங்களை வாடிக்கையாளரிடம் தானாகவே சேர்த்துவிடும். இந்தப் பதினைந்து நொடியில் பதற்றப்பட்டு வைத்துவிடாதீர்கள். மணி அடித்துக்கொண்டிருக்கும்போதே நீங்கள் வைத்துவிட்டால், வாடிக்கையாளரை யார் வரவேற்கப் போகிறார்கள் என்பது உங்கள் கையை விட்டுப் போய்விடும். அந்தப் பக்கம் எடுத்தால் அவர் ஒன்றுமே தெரியாமல் "ஹலோ, யாரு?" என்பார்.

`##` அப்படியல்ல. அதை அழுத்தி எண்ணை அடித்ததுமே நீங்கள் அழைப்பிலிருந்து விலகிவிடுவீர்கள். அந்த எக்ஸ்டென்ஷன் பிஸியாக இருந்தால், அங்கே என்ன அமைத்திருக்கிறார்களோ அது நடக்கும்: வாய்ஸ்மெயில் வரலாம், லைன் அறவும் செய்யலாம். ஆகவே `##`-ஐ ஒரு தனி மனிதரின் எக்ஸ்டென்ஷனுக்குப் பயன்படுத்தாதீர்கள். எப்போதும் யாராவது எடுக்கும் வரிசைக்கு, அதாவது பில்லிங் கியூ போன்ற எண்ணுக்கு மட்டும் பயன்படுத்துங்கள்.

குறியீடு வேலை செய்யாமல் போவதற்குப் பெரும்பாலும் மூன்று காரணங்கள்தாம். முதலாவது வேகம். `*`-க்கும் `2`-க்கும் இடையில் ஆஸ்டரிஸ்க் இயல்பாகத் தரும் அவகாசம் 1000 மில்லி நொடி, அதாவது ஒரே நொடி. அதைத் தாண்டினால் அது குறியீடாகக் கொள்ளப்படாமல் வெறும் பீப் ஒலியாக வாடிக்கையாளருக்குப் போய்விடும். இரண்டாவது அனுமதி. யார் டிரான்ஸ்ஃபர் செய்யலாம் என்பதை சர்வரில் `t`, `T` என்ற இரண்டு எழுத்துகள் தீர்மானிக்கின்றன. அழைப்பைப் பெற்றவருக்கு அனுமதி தருவது சிறிய `t`, அழைப்பைத் தொடங்கியவருக்கு அனுமதி தருவது பெரிய `T`. உள்ளே வரும் அழைப்பில் நீங்கள் பெற்றவர், வெளியே போகும் அழைப்பில் நீங்கள் தொடங்கியவர். எனவே உள்வரும் அழைப்பில் `*2` ஓடி, நீங்கள் திருப்பி அழைத்த அழைப்பில் ஓடாவிட்டால் தவறு உங்கள் விரலில் இல்லை. சோதித்துக்கொண்டே வாடிக்கையாளர் காதில் பீப் அடிக்காமல், திருப்பி அழைப்பதாகச் சொல்லிவிட்டு டீம் லீடரிடம் போங்கள். இரண்டையும் எல்லா அழைப்புக்கும் போட்டுவிட்டால் எளிதுதானே என்று தோன்றும். ஆனால் அப்போது எதிர்முனையில் இருக்கும் வாடிக்கையாளரும் `##` அழுத்தி அழைப்பை மாற்ற முடியும் என்பதால் கவனமுள்ள நிர்வாகி அதற்கு இணங்கமாட்டார். மூன்றாவது, சாஃப்ட்போன் டயல்பேட் ஒலியை அனுப்பும் முறையும் சர்வர் எதிர்பார்க்கும் முறையும் பொருந்தாமல் இருப்பது. எந்த அழைப்பிலும், எவ்வளவு விரைவாக அடித்தும் குறியீடு ஓடவில்லையென்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

நோட்ஸுக்கு விண்டோஸில் நான் பரிந்துரைப்பது ஆட்டோஹாட்கீ என்ற இலவச மென்பொருள். உங்கள் ஐடி பிரிவின் அனுமதி பெற்று நிறுவுங்கள். கீழே உள்ளதை `notes.ahk` என்ற கோப்பில் சேமித்து இருமுறை கிளிக் செய்தால் போதும்.

```
#Requires AutoHotkey v2.0
#HotIf WinActive("ahk_exe chrome.exe")
F9::SendText(FormatTime(, "HH:mm") " - ")
::hldd::Hold, reason:
::trff::Transferred to ext:
#HotIf
```

`F9` அழுத்தினால் கர்சர் இருக்கும் இடத்தில் நேரமும் ஒரு கோடும் விழும். `hldd` என்று அடித்து ஸ்பேஸ் தட்டினால் அது முழுச் சொற்றொடராக மாறும். இரண்டாவது வரியை விட்டுவிடாதீர்கள். அதுதான் இந்த விசையைக் குரோமுக்குள் மட்டும் கட்டிவைக்கிறது. அது இல்லாமல், சாஃப்ட்போன் முன்னால் இருக்கும்போது `F9` அழுத்தினால் 11:42 என்ற நேரத்தின் நான்கு இலக்கங்களும் டயல்பேட் ஒலியாக அழைப்புக்குள் போய்விடலாம். எட்ஜ் பயன்படுத்துபவர்கள் `chrome.exe` என்பதை `msedge.exe` என்று மாற்றிக்கொள்ளலாம்.

எழுதி முடித்ததும் சேமிக்க `Ctrl+S`-ஐ நம்பாதீர்கள். சிஆர்எம் அதற்கென்று ஏற்பாடு செய்திருந்தாலன்றி, பக்கத்தையே கோப்பாகச் சேமிக்கும் பெட்டிதான் திறக்கும். குறிப்புக் கட்டத்திலிருந்து சேமிக்கும் பட்டனுக்கு எத்தனை `Tab` என்று ஒருமுறை எண்ணிவைத்துக்கொண்டு, அத்தனை தட்டலுக்குப் பின் `Enter` கொடுங்கள்.

நோட்பேடை இடைக் குறிப்பேடாக வைத்துக்கொள்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: இப்போதைய விண்டோஸ் 11 நோட்பேட் சேமிக்காத குறிப்புகளையும் இயல்பாக நினைவில் வைத்திருந்து, அடுத்த முறை திறக்கும்போது காட்டும். முந்தைய வாடிக்கையாளரின் விவரம் அடுத்த ஷிஃப்டில் அமர்பவரின் கண்ணில் படலாம். எங்கே எழுதினாலும் ஓடிபியையும் அட்டையின் பின்புறத்து மூன்று இலக்கத்தையும் எழுதவே கூடாது.

இவை எல்லாம் ஓர் அழைப்பில் எப்படிச் சேர்கின்றன என்பதற்கு, பயிற்சியில் நான் நடத்திக்காட்டும் ஓர் அழைப்பைச் சொல்கிறேன். ஒரு பெண்மணி, இன்வெர்ட்டர் பேட்டரியை வாரன்டியில் மாற்றிக் கொடுத்த பிறகும் தமக்கு பில் வந்திருப்பதாகச் சொல்கிறார். ஏஜென்ட் குரோமில் இருக்கிறார். `F9`, `11:42 - battery replaced under warranty, billed again` என்று அவர் பேசும்போதே அடித்துவிடுகிறார். பழைய பில்லைப் பார்க்க வேண்டும். "அம்மா, பில்லைச் சரிபார்க்க ஒரு நிமிடம் ஆகும், லைனில் இருக்கிறீர்களா?" என்று கேட்டு, அவர் சரி என்றதும் ஹோல்ட். `F9`, `hldd`, ஸ்பேஸ், `checking invoice`. ஒரு நிமிடம் என்று சொல்லியிருப்பதால், வேலை முடியாவிட்டாலும் 11:44-க்குள் ஹோல்டை எடுத்து இன்னும் பார்த்துக்கொண்டிருப்பதைச் சொல்கிறார்.

பில்லை ரத்து செய்யும் அதிகாரம் பில்லிங்கிடம்தான் இருக்கிறது, எக்ஸ்டென்ஷன் 205. இப்போது டிரான்ஸ்ஃபருக்கு முன்பாகவே குறிப்பை முடிக்கிறார்: `F9`, `trff`, ஸ்பேஸ், `205, cancel second bill`. `Tab`, `Enter` தட்டிச் சேமிக்கிறார். இந்த வரிசை முக்கியம், ஏனெனில் சேமிக்காத குறிப்பை 205-இல் இருப்பவரால் தம் திரையில் பார்க்க முடியாது. "பில்லிங்கில் விஷயத்தைச் சொல்லிவிட்டு இணைக்கிறேன் அம்மா, சில நொடி இசை கேட்கும்" என்று சொல்லி, `Alt+Tab`, `*2`, பதிவுக்குரல் முடிந்ததும் `205`. எடுத்தவரிடம் "வாரன்டியில் மாற்றிய பேட்டரிக்கு மறுபடி பில் போயிருக்கிறது, பழைய பில் சரிபார்த்தாயிற்று, குறிப்பு 11:42-இலிருந்து இருக்கிறது" என்று ஒரே மூச்சில் சொல்கிறார். அவர் "சரி, கொடுங்க" என்றதும் ஃபோனை வைக்கிறார்.

இதையே நீங்களும் உங்கள் கைப்பேசியை வாடிக்கையாளராகவும் பக்கத்து இருக்கைக்காரரை 205 ஆகவும் வைத்துக்கொண்டு நான்கைந்து முறை செய்து பாருங்கள். ஒருமுறை அவரை வேண்டுமென்றே ஃபோனை எடுக்காமல் இருக்கச் சொல்லி, எத்தனை நொடியில் அழைப்பு உங்களிடம் திரும்புகிறது என்று எண்ணுங்கள். பதினைந்துக்குப் பக்கத்தில் இல்லையென்றால் உங்கள் சர்வரில் அந்த அமைப்பு மாற்றப்பட்டிருக்கிறது. நீங்கள் எண்ணிய அந்த எண்ணிக்கையையே மேசையில் ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.